கொடைக்கானல் இல்லாத பழனிமலை

எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் பழனி மலைத்தொடரின் மாதிரி ஒன்றை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்து வைப்பது என்று பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஐவர் முடிவு செய்தோம். 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி அளந்த உயரக் கணக்குகள் யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து எங்கள் கணினி டீச்சர் மலையின் வடிவத்தை எடுத்துத் தந்தார். 40 கிலோமீட்டர் நிலம் 20 சென்டிமீட்டராகச் சுருங்கியது. உயரத்தையும் அதே அளவில் சுருக்கினால் மலை ஒரு விரல் தடிமன்கூட வராது. ஆகவே உயரத்தை மட்டும் நான்கு மடங்கு கூட்டினோம். (ஊர்ப்பெருமை அதற்குக் காரணம் அல்ல என்று சொன்னால் நம்புவீர்களா, தோழியரே?)

இந்த இயந்திரம் வேலை செய்யும் விதம் பார்க்க வேடிக்கையாக இருக்கும். தையல் நூற்கண்டைப்போல ஒரு ஸ்பூலில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் இழையை உள்ளே இழுத்து, உருக்கி, கோலம் போடுவதுபோல வரி வரியாக இடும். ஓர் அடுக்கு முடிந்ததும் அதன்மேல் அடுத்த அடுக்கு. அதனால் மலையின் அடிவாரம் முதலிலும் உச்சி கடைசியிலும் உருவாகும். பழனி ஊர் முதல் சில மணி நேரத்திலேயே வந்துவிடும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் கொடைக்கானல் கடைசிச் சில மணி நேரத்தில்தான் வரும்.

ஸ்லைசர் என்னும் மென்பொருள் 281 கிராம் இழையும் 22 மணி நேரமும் வேண்டும் என்று கணக்குச் சொன்னது. ஆய்வுக்கூடத்தில் இருந்ததோ பாதிக்குமேல் தீர்ந்துபோன ஒரே ஒரு ஸ்பூல். புதியது மதுரையிலிருந்து வர வேண்டும், செவ்வாய்க்கு முன் வராது. கண்காட்சி திங்கட்கிழமை. எங்கள் இயந்திரத்தில் இழை தீர்ந்தால் நிறுத்தும் கருவி கிடையாது. தீர்ந்துபோனாலும் அது பாட்டுக்கு வெறுங்காற்றில் கோலம் போட்டுக்கொண்டே இருக்கும்.

மீதி எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எடைதான் போட வேண்டும். எங்களில் ஒருத்தியின் அம்மா வீட்டில் சாக்லேட் செய்து விற்பவர். அவருடைய எலெக்ட்ரானிக் தராசை வாங்கி வந்தோம். சந்தையில் காய்கறி விற்கும் அக்காவிடம் முத்திரையிட்ட 500 கிராம் எடைக்கல்லை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தோம். 501 காட்டியது. சரி, நம்பலாம். ஸ்பூல் தராசின் தட்டைவிட அகலம். அப்படியே வைத்தால் அதன் விளிம்பு மேஜையில் இடித்து எடை குறைத்துக் காட்டியது. ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் ஸ்பூலை வைத்தோம். இழையின் நுனியையும் இயந்திரத்திலிருந்து கழற்றிவிட்டோம். மாட்டிக்கொண்டிருந்தால் அது தூக்கிப் பிடிக்கும். 486 கிராம்.

இதில் காலி ஸ்பூலின் எடையைக் கழிக்க வேண்டும். அலமாரியில் முன்பு தீர்ந்துபோன ஸ்பூல் ஒன்று கிடந்தது. அதன் எடை 152 கிராம். 486-இல் 152 போனால் 334. வேண்டியதோ 281. நாங்கள் கைதட்டிவிட்டோம்.

டீச்சர் கைதட்டவில்லை. இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்து, "இது என்ன, அது என்ன?" என்று மட்டும் கேட்டார். அலமாரியில் கிடந்தது அட்டை ஸ்பூல். எங்களுடையது தடித்த பிளாஸ்டிக். வேறு வேறு கம்பெனி. பிளாஸ்டிக் ஸ்பூல் 200 கிராமுக்கு மேலும் இருக்கும் என்றார். சரியான எடை எவ்வளவு? புதிதாகப் பிரித்த அன்றே எடை பார்த்து எழுதி வைத்திருந்தால், அதில் 1,000 கிராமைக் கழித்துத் தெரிந்துகொண்டிருக்கலாம். யாரும் எழுதவில்லை. யாரும் என்றால் நாங்கள்தான்.

எடையால் தெரியாததை ஸ்கேலால் அளந்து பார்த்தோம். இழையின் விட்டம் 1.75 மில்லிமீட்டர். ஸ்பூலின் உள் அகலம் 60. ஆகவே ஓர் அடுக்கில் பக்கத்தில் பக்கத்தில் 34 சுற்று. சுற்றியிருந்த தடிமன் 16 மில்லிமீட்டர், அதாவது 9 அடுக்கு. மொத்தம் 306 சுற்று. நடு உருளையின் விட்டம் 75, வெளிச்சுற்றின் விட்டம் 107, சராசரி 91. அப்படியானால் ஒரு சுற்றின் நீளம் 286 மில்லிமீட்டர். பெருக்கினால் சுமார் 87 மீட்டர் வருகிறது. இந்த வகை இழை ஒரு மீட்டர் ஏறத்தாழ 3 கிராம். ஆக, மீதி 260 கிராம் அளவில்தான் இருக்கிறது! இழை எங்கும் ஒழுங்காகச் சுற்றியிருக்காது என்பதால் இது துல்லியக் கணக்கு அல்ல. ஆனாலும் 334 பொய் என்று சொல்ல இது போதும்.

அதுவும் முழுவதும் பயன்படாது. கடைசி ஒரு மீட்டர் ஸ்பூலுக்கும் சூடான முனைக்கும் இடையிலுள்ள குழாயிலேயே நின்றுவிடும். மேலும் ஸ்லைசர் இழையின் விட்டத்தைச் சரியாக 1.75 என்று நம்பிக் கணக்குப் போடுகிறது. உண்மையில் 1.77 இருந்தால் எடை 100-க்கு 2 கிராமுக்கு மேல் கூடிவிடும். எனவே ஸ்லைசர் சொல்வதற்குமேல் 5 சதவீதமாவது கையில் வேண்டும் என்றார் டீச்சர். கொடைக்கானல் மூடுபனியில் இழை ஈரம் குடித்துக் கனத்திருக்குமோ என்று ஒருத்தி கேட்டாள். குடிக்கும், ஆனால் அது 100-க்கு ஒரு கிராம்கூட வராது. ஈரத்தால் அச்சு பொரிந்து வருவதுதான் தொல்லை, எடையில் பெரிய வித்தியாசம் இல்லை.

மலையைச் சிறிதாக்கலாம் என்று இருவர் சொன்னோம். மூவர் மறுத்தோம். மாதிரியின் உள்ளே கெட்டியாக இருக்காது, தேன்கூடுபோல வலை பின்னியிருக்கும். அந்த நிரப்பை 15 சதவீதத்திலிருந்து 10 ஆக்கினோம். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஸ்லைசர் இப்போது 238 கிராம் என்றது. ஐந்து சதவீதம் சேர்த்தால் 250. எங்கள் 260-இல் அடங்குகிறது, ஆனால் மூச்சுவிட இடம் இல்லை.

சனிக்கிழமை மாலை 6 மணிக்குத் தொடங்கினோம். ஹாஸ்டலில் இருந்த இருவர் இரவு ஜெபத்துக்குப் பிறகு சிஸ்டரிடம் அனுமதி வாங்கி ஒருமுறை போய்ப் பார்த்தார்கள். பழனி வந்துவிட்டது என்றார்கள். ஞாயிறு பூசை முடிந்து ஓடிப்போனபோது மலைச்சரிவுகள் எழும்பியிருந்தன. ஸ்பூலில் உருளையின் அடிப்பகுதி வெளியே தெரிந்தது. பிற்பகல் 3 மணிக்குச் சற்று முன்பு கடைசி அடுக்கும் விழுந்து இயந்திரம் நின்றது. கொடைக்கானல் இருந்தது.

உடனே ஸ்பூலை மறுபடி நிறுத்தோம். 244 கிராம். 486-இல் கழித்தால் செலவானது 242, ஸ்லைசர் சொன்னதைவிட 4 கூடுதல். மிச்ச இழையைப் பிரித்து டேப்பால் அளந்தோம்: 4 மீட்டரும் கொஞ்சமும், 13 கிராம். வெறும் ஸ்பூல் 231. அப்படியென்றால் தொடங்கும்போது எங்களிடம் இருந்தது 255 கிராம். ஸ்கேல் கணக்கு 5 கிராம்தான் தவறியிருக்கிறது. அட்டை ஸ்பூலை நம்பிப் பழைய அளவிலேயே அச்சிட்டிருந்தால் ஏறத்தாழ 30 கிராம் குறைந்திருக்கும். மொட்டைத் தலையோடு ஒரு பழனிமலை கண்காட்சிக்கு வந்திருக்கும்.

காலி ஸ்பூலின் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் "231 கிராம், பிளாஸ்டிக்" என்று எழுதினோம். செவ்வாய்க்கிழமை அதே கம்பெனியின் புதிய ஸ்பூல் வந்தது. உறையைப் பிரித்ததும் நிறுத்தோம். 1,236. அதையும் அதன் விளிம்பில் தேதியோடு எழுதிவிட்டு, எடைக்கல்லைக் காய்கறி அக்காவிடம் கொடுக்கப் போனோம்.