நூற்றுப் பதினாறு

செவ்வாய், மார்ச் 4

வேளாண் இதழ் ஒன்றிலிருந்து மதிப்பாய்வுக்கு வந்த கட்டுரையை ராத்திரி ஒரு தடவை படித்தேன். நெல்லுக்கு மண்புழு உரமும் யூரியாவும். நான்கு உர முறை, மூன்று தொகுதி, ஆக 12 பாத்தி. பாத்திக்குப் பத்துக் குத்து அளந்திருக்கிறார்கள். முதல் வாசிப்பில் பேனாவைத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். இன்று தொட்டுவிட்டேன். அனோவா அட்டவணையில் பிழை வரிசைக்கான டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 116 என்று இருந்தது.

வியாழன், மார்ச் 6

12 பாத்தியில் 120 குத்து. நான்கைக் கழித்தால் 116. ஒவ்வொரு குத்தையும் தனிச் சோதனையாக எண்ணியிருக்கிறார்கள். ஆனால் உரம் போட்டது பாத்திக்கு, குத்துக்கு அல்ல. ஒரே பாத்தியின் பத்துக் குத்தும் ஒரே மண்ணில் நின்று ஒரே தண்ணீரைக் குடித்தவை. சரியான எண் (4−1)×(3−1), அதாவது 6. ஹர்ல்பர்ட் 1984-லேயே இந்தப் போலி மறுசெய்கையைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். 116 வைத்தால் சின்ன வித்தியாசம்கூடப் பெரிதாகத் தெரியும். அவர்கள் அட்டவணையில் எல்லா வரிக்கும் நட்சத்திரக் குறி.

“அடிப்படைப் புள்ளியியலே தெரியவில்லை” என்று எழுதி, அடித்தேன். அதைப் படித்து அவர்கள் என்ன செய்ய முடியும்? மாற்றி எழுதியது: “ஒவ்வொரு பாத்தியின் பத்துக் குத்துக்கும் சராசரி எடுத்து, அந்த 12 எண்களை வைத்து, தொகுதியையும் சேர்த்து அனோவாவைத் திரும்பச் செய்யுங்கள். புதிதாகப் பயிரிடத் தேவையில்லை. சில வித்தியாசங்கள் நிற்காமல் போகலாம். நிற்பவற்றை மட்டும் முடிவில் சொல்லுங்கள்.”

ஞாயிறு, மார்ச் 9

இரண்டாவது பெரிய கருத்து விளைச்சலைப் பற்றி. ஹெக்டேருக்கு 6 டன் என்கிறார்கள், நெல்லின் ஈரப்பதம் எங்கும் இல்லை. வழக்கமாக 14 சதவீதத்துக்குத் திருத்திச் சொல்வோம். அறுத்தபோது 20 சதவீதம் இருந்திருந்தால் 6×80/86, சுமார் 5.6 டன்தான். தழைச்சத்து அதிகம் போட்ட பாத்தி தாமதமாக முற்றும். எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுத்திருந்தால் அந்தப் பாத்தி நெல்லில் ஈரம் கூட இருக்கும். தண்ணீரின் எடையும் விளைச்சல் கணக்கில் ஏறிவிடும். ஈரப்பதம் அளந்த குறிப்பு வயல் நோட்டில் இருந்தால் திருத்தித் தரக் கேட்டேன். இல்லாவிட்டால் அந்தக் குறையை வெளிப்படையாக எழுதட்டும்.

சிறு கருத்துகள் மூன்றே: படம் 2-இல் கோடுகள் திட்ட விலக்கமா, திட்டப் பிழையா? நெல் ரகத்தின் பெயர் இரண்டு இடத்தில் இரண்டு விதம். சுருக்கத்தில் உர அளவு இல்லை.

திங்கள், மார்ச் 10

அனுப்பியாயிற்று. “பெரிய திருத்தம்” என்ற பரிந்துரையை ஆசிரியருக்கான பெட்டியில் மட்டும் குறித்தேன். சோதனை ஒழுங்காக நடந்திருக்கிறது, கணக்குத்தான் சறுக்கியது என்றும் சேர்த்தேன். என் பழைய கட்டுரையை மேற்கோள் காட்டச் சொல்லலாமா என்று கை ஊறியது. அது கரும்பைப் பற்றியது. விட்டுவிட்டேன்.