"வேலை செய்யுதுதானே, தங்கச்சி?"

பெப்ரவரி 12 ஆம் திகதி நாங்கள் நான்கு பேரும் ஆளுக்கு 2,100 ரூபா போட்டு, யாழ் நகரத்தில் ஒரு கடையில் 8,400 ரூபாவுக்கு ஒரு பவர் பேங்க் வாங்கினோம். திருநெல்வேலியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் அறையில் ஒரே ஒரு பிளக் பொயின்ற்தான். நான்கு போனுக்கும் அதில் வரிசை. பவர் பேங்க் வந்தபிறகு சண்டை தீர்ந்தது. இரவில் இரண்டு கட்டிலுக்கும் நடுவில், தலையணைப் பக்கமாக வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தோம்.

ஏப்ரல் 18 இல் எங்களில் ஒருத்தி அது எத்தனை மணித்தியாலத்தில் முழுதாகச் சார்ஜ் ஆகும் என்று பார்க்க, பின்பக்கம் இருந்த மொடல் இலக்கத்தைத் தேடினாள். வந்தது வேறு செய்தி. அந்த மொடலைத் தயாரித்த கம்பனியே முந்தைய ஒக்டோபரில் அதை மீளப்பெறுவதாக அறிவித்திருந்தது. பற்றரி சூடாகித் தீப்பற்றக்கூடும், உடனே பாவிப்பதை நிறுத்துங்கள் என்று எழுதியிருந்தது. தொடர் இலக்கத்தைப் போட்டுப் பார்க்கும்படி ஒரு பெட்டியும் இருந்தது. போட்டோம். எங்களுடையதும் அந்தத் தொகுதிதான். மாற்றித் தரும் விண்ணப்பத்தை நிரப்பப் போனால், நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை.

அன்றைக்கே கடைக்குப் போனோம். முதலாளி அண்ணை அதை வாங்கி, தன் போனில் கொழுவினார். சார்ஜ் ஏறியது.

"வேலை செய்யுதுதானே, தங்கச்சி? பிறகென்ன பிரச்சினை?"

நாங்கள் அறிவித்தலைக் காட்டினோம். "அது வெளிநாட்டுக்காரருக்கு. இஞ்ச வாற சாமான் வேற" என்றார். அவருக்குப் பின்னால் தட்டில் அதே பெட்டிகள் ஆறோ ஏழோ அடுக்கியிருந்தன.

திரும்பி வந்து கோபத்தில் மூன்று பக்கக் கடிதம் ஒன்று எழுதினோம். 'பழுதான பொருளை விற்று எங்களை ஏமாற்றிவிட்டீர்கள்' என்று தொடங்கியது. சட்டத்துறையில் படிக்கும் அக்கா ஒருவரிடம் காட்டினோம். முதல் வரியிலேயே நிறுத்திவிட்டார்.

"பழுது எண்டு எழுதினா, அவர் கொழுவிக் காட்டுவார். வேலை செய்யும். உங்கட கடிதம் அதிலேயே முடிஞ்சுது."

அவர் சொன்னது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. லித்தியம் அயன் பற்றரிக்குள் நேர்முனையையும் எதிர்முனையையும் மிக மெல்லிய ஒரு படலம் பிரித்து வைத்திருக்கிறது. தயாரிக்கும்போது அதில் ஒரு குறை நேர்ந்தால் அது வெளியே தெரியாது. வீங்காமல், மணக்காமல், கொஞ்சமும் சுடாமல் மாதக்கணக்கில் வேலை செய்யலாம். ஒருநாள் உள்ளே முனைகள் தொட்டுக்கொண்டால் வெப்பம் ஏறி, அந்த வெப்பமே மேலும் வெப்பத்தை உண்டாக்கித் தீயாகும். தொகுதியில் எது எரியும் என்று கம்பனிக்கும் தெரியாது. அதனால்தான் எல்லாவற்றையும் திருப்பிக் கேட்கிறது. ஆகவே நாங்கள் நிரூபிக்க வேண்டியது பழுதை இல்லை. எங்கள் கையில் இருப்பது அந்தத் தொகுதிதான் என்பதையும், அறிவித்தல் வந்த பிறகுதான் அவர் அதை விற்றார் என்பதையும்தான்.

அக்கா கேட்ட அடுத்த கேள்வி, "பில் இருக்கா?" இருந்தது. அதில் 'பவர் பேங்க் 1 – 8,400' என்று மட்டும் கையால் எழுதியிருந்தது. மொடலும் இல்லை, இலக்கமும் இல்லை. எங்களைக் காப்பாற்றியது ஆறு மாத வொரண்டி அட்டை. கடைப்பையன் தொடர் இலக்கத்தை அதில் எழுதிக் கடை முத்திரையும் குத்தியிருந்தான். பில்லில் திகதி, அட்டையில் இலக்கம், அறிவித்தலில் அதே இலக்கம். மூன்றையும் ஒன்றாக வைத்துப் படம் எடுத்தோம்.

இன்னொன்று, நாள் கணக்கு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, விற்ற பொருள் அதற்குக் கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்றதாக இல்லையென்றால் சபையிடம் முறையிடலாம். உத்தரவாதத்தை வாயால் சொல்லியிருக்கவோ எழுதியிருக்கவோ தேவையில்லை, உட்கிடையாக இருந்தாலும் போதும். விசாரித்து முறைப்பாடு சரியென்று கண்டால் நட்டஈடு கொடுக்க, பொருளை மாற்றிக்கொடுக்க அல்லது பணத்தைத் திருப்பிக்கொடுக்கச் சபை கட்டளையிடலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போகவேண்டும்.

மூன்று மாதம் எண்ணப்படுவது வாங்கிய நாளிலிருந்து. பிழையை நாங்கள் கண்டுபிடித்த நாளிலிருந்து இல்லை. எங்களுக்கு மே 12 இல் கதவு மூடும். வழக்கம்போல 'ஒரு மாதத்துக்குள் பதில் தரவும்' என்று எழுதியிருந்தால், அண்ணை சும்மா இருந்தே வென்றிருப்பார். ஒரு பொருளை வாங்கி ஒரு வருடம் கழித்து மீளப்பெறல் அறிவித்தல் வந்தால் இந்த வழி உதவாது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

மூன்று பக்கம் ஒரு பக்கமானது. இதுதான் நாங்கள் அனுப்பியது:

'ஐயா, பெப்ரவரி 12 இல் தங்களிடம் 8,400 ரூபாவுக்கு ஒரு பவர் பேங்க் வாங்கினோம். அதன் மொடல் இலக்கமும் தொடர் இலக்கமும் தங்கள் வொரண்டி அட்டையில் உள்ளன. இத்தொடர் இலக்கத்தைத் தயாரிப்பாளர் கடந்த ஒக்டோபரில், அதாவது தாங்கள் எமக்கு விற்பதற்கு முன்னரே, தீ அபாயம் காரணமாக மீளப்பெற்றுள்ளார். பாவிக்க வேண்டாம் எனத் தயாரிப்பாளரே கூறும் பொருள் பாவனைக்கு ஏற்ற பொருள் அல்ல. எனவே மே 4 ஆம் திகதிக்கு முன் முழுப் பணத்தையும் திருப்பித் தரவும், அல்லது மீளப்பெறலில் அடங்காத, அதே தரமுள்ள வேறொன்றைச் செலவின்றி மாற்றித் தரவும். தங்களிடம் மீதமுள்ளவற்றை விற்பனையிலிருந்து அகற்றுமாறும் கேட்கிறோம். பதில் இல்லையெனில் மே 5 இல் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவோம்.'

பில், அட்டை, அறிவித்தல் மூன்றினதும் பிரதிகளை இணைத்தோம். மூலப்பிரதிகள் எங்களிடமே இருந்தன. ஏப்ரல் 22 இல் பதிவுத் தபாலில் போட்டு, துண்டைக் கடிதப் பிரதியோடு ஒட்டி வைத்தோம். பவர் பேங்கைச் சார்ஜ் ஏற்றாமல், வெளி விறாந்தையில் சீமெந்துத் தரையில், துணியோ கடதாசியோ அருகில் இல்லாமல் வைத்தோம். குப்பையிலும் போடக்கூடாது, தபாலிலும் அனுப்பக்கூடாது. 2025 ஜூனில் ஆங்கர் கம்பனி அமெரிக்காவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பவர் பேங்குகளை மீளப்பெற்றபோது, பாவனையாளர்கள் அதன்மேலேயே அழியாத மையால் 'மீளப்பெறப்பட்டது' என்று எழுதிப் படம் அனுப்பவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எங்களுடையது வேறு கம்பனி. ஆனாலும் அது நல்ல யோசனையாகப் பட்டது. மார்க்கரால் பெரிதாக எழுதினோம்.

நான்காம் நாள் அண்ணையிடமிருந்து அழைப்பு. "வாங்கோ பிள்ளையள், வேற தாறன்."

போனோம். தட்டிலிருந்து ஒரு புதுப்பெட்டியை எடுத்து நீட்டினார். கடைக்குள்ளேயே நின்று தொடர் இலக்கத்தைப் போட்டுப் பார்த்தோம். அதுவும் அதே பட்டியலில்! 2016 இல் சம்சுங் கலக்சி நோட் 7 போன்களுக்குப் பதிலாகக் கொடுத்த போன்களும் தீப்பற்றி, கடைசியில் அந்த மொடலையே நிறுத்தவேண்டி வந்தது எங்களுக்கு ஞாபகம் வந்தது. மாற்றித் தருவது என்றால் எதற்கு மாற்றுகிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

"அப்ப உள்ளுக்க இருக்கிற பற்றரிய மாத்தித் தாறன். காசு வேண்டாம்" என்றார். கேட்க நல்லாத்தான் இருந்தது. கார் காற்றுப்பை போன்றவற்றுக்கு இலவசத் திருத்தம் சரி. அங்கே கம்பனி அனுப்பும் புதுப் பாகத்தை, கம்பனி சொன்ன முறையில் பூட்டுகிறார்கள். ஒட்டி மூடிய பவர் பேங்கைக் கத்தியால் திறந்து, எங்கிருந்தோ வந்த பற்றரியை வைத்து ஒட்டுவது திருத்தமில்லை, புது ஆபத்து. வேண்டாம் என்றோம்.

"எனக்கும் கொழும்பு ஏஜென்ட் திருப்பித் தரமாட்டான் தங்கச்சி. நட்டம் எனக்குத்தான்."

அவர் சொன்னது பொய்யாகத் தெரியவில்லை. எங்களுக்கும் ஒருமாதிரித்தான் இருந்தது. ஆனால் ஏஜென்டைத் தெரிந்தவர் அவர். நாங்கள் காசு கொடுத்தது அவரிடம்.

மே 2 ஆம் திகதி 8,400 ரூபாவும் கைக்கு வந்தது. 'மீளப்பெறப்பட்ட பொருளைத் திருப்பி எடுத்துப் பணம் கொடுத்தேன்' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே பவர் பேங்கைக் கொடுத்தோம். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் உதில கிறுக்கி வைச்சிருக்கிறியள்? இனி இதை என்னெண்டு..."

வசனத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. தட்டில் மற்றப் பெட்டிகள் அப்படியே இருந்தன.

எங்கள் காசு வந்துவிட்டது, இனி எங்களுக்கென்ன என்று வந்திருக்கலாம். இரண்டு நாள் அப்படித்தான் இருந்தோம். பிறகு 1977 க்கு அழைத்துச் சொன்னோம். கடிதத்தின் பிரதியையும் தட்டின் படத்தையும் வைத்து, மாவட்டச் செயலகத்தில் உள்ள சபையின் அலுவலகத்தில் மே 6 ஆம் திகதி எழுத்தில் கொடுத்தோம். அடுத்த கிழமை போய்ப் பார்த்தபோது தட்டு வெறுமையாக இருந்தது. அகற்றப்பட்டதா, விற்று முடிந்ததா? அண்ணையிடம் கேட்டோம். "அனுப்பிப்போட்டன்" என்று மட்டும் சொன்னார்.

போன செவ்வாய்க்கிழமை நூலகத்தில், முதலாம் வருடத் தம்பி ஒருவனின் மேசையில் அதே கறுப்புப் பெட்டி கிடந்தது. புத்தகங்களுக்கு நடுவில், பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டு.

"தம்பி, இதை ஒருக்கால் திருப்பிக் காட்டுங்கோ" என்றோம். "இலக்கம் ஒண்டு பார்க்கோணும்."

"ஏன் அக்கா? நல்லா வேலை செய்யுதே."

"பில் வைச்சிருக்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தோம்.