300 வார்த்தையில் அடங்காத வளையல்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், "ஆபீஸ் முழுக்கப் போற மாதிரி ஒரு அறிமுக மெயில் போடும்மா" என்றார் ஹெச்.ஆர். மேடம். ராத்திரி உட்கார்ந்து 300 வார்த்தை எழுதினேன். பள்ளிப் பேச்சுப்போட்டி, டிப்ளமோ, ஃபீஸ் கட்ட அம்மா அடகு வைத்த வளையல்... எல்லாமே இருந்தது.

டெஸ்க் சீனியர் அண்ணாவிடம் காட்டினேன். "அக்கவுன்ட்ஸ்ல இருக்கறவர் இதைப் படிச்சுட்டு உன்கிட்ட என்ன பேசுவார்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு உதவாத வரிகளை அழித்தேன். வளையல் வரியில் மட்டும் விரல் தயங்கியது. ஆனால், முன்பின் தெரியாத ஒருவர் அதற்கு என்ன பதில் எழுதுவார்?

முதல் வரியில் பெயரும் வேலையும் வைத்தேன்; மெயிலைத் திறக்காமலே போனில் தெரிவது அதுதான். மீதி இவ்வளவே:

"ஊர் திண்டிவனம். நம் வெப்சைட்டில் பிழை கண்டால் என்னிடம் சொல்லுங்கள். இரண்டாம் மாடி, ஜன்னலோர சீட். பழைய பஸ் டிக்கெட் சேர்க்கிறேன், இருந்தால் கொடுங்கள்."

மதியமே அக்கவுன்ட்ஸ் சார் ஒருவர் வந்தார், கையில் நாலு பல்லவன் டிக்கெட்டுகளோடு. சேர்ந்து சாப்பிட்டோம். "வீட்டுல யாரெல்லாம்மா இருக்காங்க?" என்று கேட்டார்.

வளையல் கதையை அப்போது சொன்னேன்.