இன்னும் எத்தனை முடியும்?

ஜனவரி 4, ஞாயிறு

தம்பிக்கு நன்றிக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஜிம்மில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். என் மகனைவிடச் சின்னவர் என்பதால் எனக்கு மட்டும் தம்பி. அவரிடம் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது.

"நீங்கள் தந்த ஊக்கத்தால்தான்" என்று முதல் வரி வந்தது, அடித்துவிட்டேன். ஊக்கம் தர ஆளுக்கா பஞ்சம்? பூங்காவில் நடக்க வருகிறவர்கள் எல்லாரும் தருகிறார்கள். ஐம்பத்தேழு வயதில், முழங்கால் தேய்மானத்தோடு, தரையில் உட்கார்ந்தால் கட்டில் காலைப் பிடித்துத்தான் எழுந்திருப்பேன். இப்போது பிடிப்பதில்லை. எதனால் என்று பயிற்சி நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

ஜனவரி 5, திங்கள்

நோட்டின் முதல் பக்கங்களில் எடையே இல்லை. "பெஞ்ச் + 2 மேட்" என்று மட்டும் இருக்கிறது. பெஞ்சின் மேல் இரண்டு ரப்பர் மேட்டை அடுக்கி, அதில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழச் சொன்னார். அது சுலபமானதும் ஒரு மேட்டை உருவினார். பிறகு இன்னொன்று. அதற்கப்புறம்தான் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க 5 கிலோ டம்பெல் வந்தது.

முழங்கால் வலிக்குமே என்றேன். "செய்யும்போது கொஞ்சம் வலிச்சா பரவாயில்லம்மா. மறுநாள் காலையில மாடிப்படி இறங்கும்போது வழக்கத்தைவிட அதிகமா வலிக்குதான்னு பாருங்க. வலிச்சா அடுத்த தடவை குறைச்சுக்கலாம்." அதுவரை வலி என்றாலே நிறுத்திவிட வேண்டும் என்று இருந்தேன். நிறுத்தி நிறுத்தித்தான் தொடை இளைத்துப் போனது. தொடைக்கு வலுவில்லாவிட்டால் படியில் இறங்கும் ஒவ்வோர் அடியும் மூட்டில்தான் விழும்.

ஜனவரி 7, புதன்

நோட்டில் எடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எண் இருக்கும். கடிதத்தின் சாரம் அதுதான் என்று இன்று தோன்றியது. ஒவ்வொரு செட் முடிந்ததும் தம்பி கேட்பார்: "இன்னும் எத்தனை முடியும்?" நான் சொல்லும் எண்ணை எழுதிக்கொள்வார். இரண்டு, மூன்று என்றால் அதே எடை தொடரும். ஐந்து என்றால் அடுத்த வாரம் ஏறும். சுத்தமாக முடியாது என்றால் இறங்கும்.

நான் எப்போதும் "ரெண்டு" என்பேன். ஒருநாள் ராடைத் தரையிலிருந்து தூக்கும் பயிற்சி. 30 கிலோ, எட்டு தடவை. வழக்கம்போல ரெண்டு என்றேன். "எட்டாவதும் முதல் மாதிரியே வேகமா வந்துச்சேம்மா" என்று சிரித்தார். ஓய்வுக்குப் பிறகு அடுத்த செட்டில், வேகம் தானாகக் குறைகிற வரை எடுக்கச் சொன்னார். முதுகு வளைந்தால் நிறுத்திவிடுவேன் என்று பக்கத்திலேயே நின்றார். பதினைந்தில்தான் ராடு மெல்ல ஏறியது. வாய் சொல்லும் எண்ணைப் பயம் குறைத்துவிடும். ராடு ஏறும் வேகம் பொய் சொல்லாது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் வலுவைக் குறைத்துத்தான் சொல்வார்களாம். பழகப்பழகத்தான் கணிப்பு சரியாகுமாம்.

நிரம்பிய சமையல் எரிவாயு சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ வரும். எரிவாயு மட்டும் 14.2 கிலோ, மீதி இரும்பு. அதை நகர்த்த வாட்ச்மேனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் நான்.

ஜனவரி 8, வியாழன்

பலிக்காததையும் எழுதப்போகிறேன். உடல் எடை குறையவே இல்லை. சேர்ந்ததே அதற்காகத்தான். வீட்டில் செய்யச் சொன்ன ரப்பர் பேண்ட் பீரோவில் கிடக்கிறது. முதல் இரண்டு மாதம் வலு மளமளவென்று ஏறியதற்கும் தம்பி பெருமைப்பட முடியாது. அவரே சொன்னதுதான்: ஆரம்பத்தில் தசை வளர்வதைவிட, இருக்கிற தசையை வேலை வாங்க நரம்பு பழகுவதுதான் அதிகம். யாரிடம் போயிருந்தாலும் அது நடந்திருக்கும். அதற்குப் பிறகு வந்ததுதான் அவர் கணக்கு.

அந்தக் கணக்கும் 40 கிலோவில் முட்டிக்கொண்டது. அவர் ஜிம்மில் ஆகச் சிறிய பிளேட்டு 2.5 கிலோ. ராடுக்கு இரண்டு பக்கமும் போட வேண்டும் என்பதால் ஒரே தாவலில் 5 கிலோ ஏறும். இருபது வயதுப் பையன்களுக்கு அது பெரிதில்லை. எனக்கு 45 கிலோவில் நாலாவதிலேயே முதுகு வளைகிறது. அதனால் அதே 40 கிலோவை எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை வரை ஏற்றிக்கொண்டு போகிறார்.

ஜனவரி 10, சனி

கடிதம் முடிந்தது.

"தம்பி, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது நீங்கள் சபாஷ் என்று சொன்னதாக நினைவே இல்லை. கேள்விதான் கேட்டீர்கள். பதிலை நம்பாத அன்றைக்குச் சோதித்தும் பார்த்தீர்கள். அதற்குத்தான் இந்த நன்றி. ஸ்வீட் பாக்ஸ் அனுப்பினால் நீங்கள் தொடமாட்டீர்கள். அதனால் 1.25 கிலோ பிளேட்டு ஒரு ஜோடி இத்துடன் வருகிறது. திங்கட்கிழமை 42.5 போட்டுப் பார்ப்போம். என்னை மாதிரி வருகிற மற்ற அம்மாக்களுக்கும் எடுத்துக் கொடுங்கள்."