இன்னொரு நாள்

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் 2.35 மணிக்கு, தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்ரயில் சைதாப்பேட்டையில் நின்றுகொண்டிருந்தபோது, செய்தி வந்தது. ‘ரொம்ப ஸாரி. தலைவலி. இன்னிக்கு வர முடியாது போலிருக்கு. அப்புறம் பேசலாம்.’ இவ்வளவுதான். மூன்று மணிக்கு எழும்பூர் அருங்காட்சியக வாசலில் சந்திப்பதாக ஏற்பாடு. செய்தியை அனுப்பியவரை நான் அதுவரை நேரில் பார்த்ததில்லை. கைபேசியில் ஒரு செயலி எங்கள் இருவரையும் ஒருவருக்கொருவர் காட்டியது. இருவரும் சம்மதம் தெரிவித்தோம். உடனே அது ‘பொருத்தம்’ என்று அறிவித்துவிட்டது. ஜோசியர் பத்துப் பொருத்தம் பார்த்துத் தயங்குகிற இடத்தில் இந்த யந்திரத்துக்கு ஒன்று போதுமாயிருக்கிறது. பிறகு மூன்று வாரம் எழுதிக்கொண்டோம். அவருடைய வாக்கியங்கள் எனக்குப் பிடித்திருந்தன. நாற்பது வயதுக்கு மேல் தனியாக இருப்பவனுக்கு இது சாமானிய சமாசாரம் அல்ல.

ரயில் மாம்பலம் தாண்டுவதற்குள் மனத்தில் நான்கு பதில்கள் எழுதியாயிற்று. முதலாவதில், நான் பாதி வழி வந்துவிட்டதைத் தெரிவித்திருந்தேன். இரண்டாவது, என்ன தலைவலி, மாத்திரை போட்டுக்கொண்டீர்களா என்று விசாரித்தது. அது அக்கறையின் வேஷத்தில் வந்த குறுக்கு விசாரணை. மூன்றாவது, நாளை வைத்துக்கொள்ளலாமா என்றது. நான்காவது மௌனம். மௌனமும் ஒரு பதில்தான். நம்மில் பலருக்கு அதில் நல்ல பயிற்சி உண்டு.

நான்கையும் அனுப்பவில்லை. பெருந்தன்மையால் அல்ல. போன வருஷம் நானும் இதையே செய்திருக்கிறேன் என்பது கோடம்பாக்கத்தில் ஞாபகம் வந்தது. இன்னொரு பெண், இதே செயலி, இதே மாதிரி ஏற்பாடு. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தேன். கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது நாற்காலியைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. எழுத்தில் நான் உண்டாக்கியிருந்த ஆளை நேரில் எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது என்ற பயம். ‘அலுவலகத்தில் அவசர வேலை’ என்று எழுதினேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர், ‘பரவாயில்லை, உங்களுக்குத் தோதான ஒரு நாள் சொல்லுங்கள்’ என்று பதில் எழுதினார். அந்தப் பதிலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாளைச் சொல்லவேண்டிய பொறுப்பு என்மேல் விழுந்தது. முதல் நாள் வெட்கத்தால் எழுதவில்லை. மூன்றாம் நாள், முதல் நாள் எழுதாததற்கும் சேர்த்து விளக்கம் தேவைப்பட்டது. ஒரு வாரத்தில் அந்த விளக்கம் ஒரு கடிதத்தின் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்துத் திறந்து பார்த்தபோது அவர் பொருத்தத்தை நீக்கியிருந்தார். நீக்கினால் பேசியது அத்தனையும் போய்விடும். பட்டியலில் அவர் இருந்த இடமே இல்லை.

இந்த ஒரு அனுபவத்தைக் கொண்டுதான் என் முன்னால் இருந்த செய்தியைப் படித்தேன். முதலில் தெரிந்தது, காரணத்தை ஆராய்வது வீண் என்பது. உண்மையான தலைவலியும் பொய்யான தலைவலியும் ஒரே எழுத்துக்களில்தான் வரும். காரணம் பொய்யாகவே இருந்தாலும், வர விருப்பமில்லை என்று அதற்கு அர்த்தமாகிவிடாது. என் அலுவலக வேலை பொய். அவரைப் பார்க்கும் ஆசை பொய்யில்லை. அதோடு, முன்பின் தெரியாத ஓர் ஆணைச் சந்திக்கத் தனியாகக் கிளம்பும் பெண்ணுக்குக் கடைசி நேரத்தில் தயங்க நூறு நியாயங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைக்கூட என்னிடம் சொல்லவேண்டிய கடமை அவருக்கு இல்லை.

செய்தியில் பார்க்கவேண்டியது வேறு. அதில் ஒரு நாள் இருக்கிறதா? ‘புதன்கிழமை முடியுமா?’ என்று அவரே கேட்டிருந்தால் யோசிக்க எதுவுமில்லை. வருவதற்கு மனம் இருக்கிறது, தேதி மட்டும் தவறிவிட்டது. நாள் இல்லாத செய்தி, வேண்டாம் என்பதாகவும் இருக்கலாம், இப்போது யோசிக்க முடியவில்லை என்பதாகவும் இருக்கலாம். ‘அப்புறம் பேசலாம்’ என்பதை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் இரண்டில் ஒன்றைப் பிரித்தெடுக்க முடியாது. பிரதியை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் நிரூபித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு வார்த்தையில் முயன்று பார்க்கலாம். ஆக, தெரிந்துகொள்ள ஒரே வழி நான் ஒரு நாளைச் சொல்லிப் பார்ப்பதுதான். எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்பதே பாக்கி.

அன்றே சொல்லக்கூடாது என்று எனக்குப் பட்டது. இல்லை என்று சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகாத ஒருவரிடம் ‘நாளைக்கு?’ என்று கேட்டால் குற்ற உணர்ச்சியில் சரி என்று சொல்லிவிடுவார். அந்தச் சரி கடனுக்கு வாங்கியது. நாளைக்கு அதுவும் ரத்தாகும். இரண்டாம் முறை ரத்தானபின் இருவருக்கும் முகம் இருக்காது. ஆகவே நுங்கம்பாக்கத்தில், ‘சரி, ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாள் பார்க்கலாம்’ என்று மட்டும் எழுதினேன். கேள்விக்குறி போடவில்லை. அவர் பதில் எழுதவேண்டிய அவசியமே இல்லாத ஒரு வரி.

எழும்பூரில் இறங்கி, வந்தது வந்தாயிற்று என்று அருங்காட்சியகத்துக்கே போனேன். வெண்கலச் சிற்பக்கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் வெகுநேரம் நின்றேன். ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்பக் கை பரபரத்தது. ‘நான் வந்துதான் இருக்கிறேன்’ என்பதைத் தவிர அந்தப் படம் வேறெதுவும் சொல்லாது. நடராஜரை அந்த வேலைக்குப் பயன்படுத்த மனம் வரவில்லை. ரயில் சீட்டு, வீணான பிற்பகல், முகச் சவரம் எல்லாம் ஏற்கெனவே செலவானவை. மறுபடி சந்திப்பதா வேண்டாமா என்ற கணக்கில் அவற்றைச் சேர்த்தால், சந்திப்பு வசூலாகிவிடும்.

நான்கு நாள் விட்டேன். அதற்கு மேல் விட்டால், எனக்கு நேர்ந்ததுபோல், அவருக்கும் விளக்கம் நீள ஆரம்பித்துவிடும். புதன்கிழமை இரவு எழுதினேன்: ‘தலைவலி தேவலையா? வரும் ஞாயிறு காலை 10 மணி, அல்லது அடுத்த சனி மாலை 5 மணி. உங்கள் வீட்டிலிருந்து சுலபமாக வரக்கூடிய ஏதாவது ஒரு காபிக் கடை. ஒரு மணி நேரம். வேண்டாம் என்றாலும் சொல்லலாம்.’

இதை எழுத அரை மணி நேரம் ஆயிற்று. இரண்டு நாள் சொன்னது, ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வசதியாக. ‘உங்களுக்கு எப்போது முடியும்’ என்று கேட்டிருந்தால் என்மேல் விழுந்த அதே பாரம் அவர்மேல் விழுந்திருக்கும். அருங்காட்சியகத்தை விட்டது, முன்பு சொன்ன இடத்தில் மறுபடி வரச்சொன்னால் பழைய பாக்கியைக் கேட்பதுபோல் இருக்கும் என்பதால். தவிர, அதைத் தேர்ந்தெடுத்தது நான், என் ருசியைக் காட்டிக்கொள்ள. மூன்று மணிக்குப் போய் ஐந்து மணிக்குக் கதவடைக்கும்வரை இருக்கவேண்டியிருக்கும் என்ற யோசனையே ஒருவரைத் தளர்த்தியிருக்கலாம். ஒரு மணி நேரம் என்றால் எழுந்து போவதற்கு ஒரு வாசல் முன்கூட்டியே இருக்கிறது. கடைசி வாக்கியத்துக்குப் பின்னால் ‘மனத்தாங்கல் இல்லை’ என்று ஒரு சொல் போட்டிருந்தேன். படித்துப் பார்த்ததில் அந்தச் சொல்லில்தான் மனத்தாங்கல் இருந்தது. எடுத்துவிட்டேன்.

இதற்குப் பதில் வராவிட்டால் மறுபடி எழுதுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன். நாள் குறித்துவிட்டு மீண்டும் ரத்துசெய்து, இன்னொரு நாளும் சொல்லாவிட்டால், அத்துடன் முடித்துக்கொள்வதென்றும். முதல் தடவை நடந்ததற்கு எதுவும் காரணமாக இருக்கலாம். நாள் குறிப்பிடாத இரண்டாவது தடவையே பதில். பல வருஷம் பழகிய சிநேகிதரிடம் இந்தக் கணக்கு செல்லாது. முகமே தெரியாதவரிடம், நம்பிக்கை என்ற பெயரில் நாம் வளர்த்துக்கொண்டு போவது நம்முடைய கற்பனையைத்தான்.

மறுநாள் மாலை, ‘ஞாயிறு சரி’ என்று பதில் வந்தது. கடையின் பெயரையும் அவரே சொன்னார். ஞாயிறு காலை எட்டு மணிக்கு, ‘பத்து மணிக்கு வந்துவிடுவேன்’ என்று ஒரு வரி எழுதி, அவர் பதில் போட்டபிறகுதான் கிளம்பினேன். முதல் தடவை இதைச் செய்திருந்தால் சைதாப்பேட்டைவரை போயிருக்க மாட்டேன். அந்தப் பகுதி என் தவறு.

அவர் பத்து நிமிஷம் தாமதமாக வந்தார். நான் கேட்கவில்லை, காபி வந்ததும் அவராகவே சொன்னார். பள்ளிக்கூட நாளிலிருந்து ஒற்றைத் தலைவலி. வந்தால் வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. அந்தச் செய்தியை இருட்டு அறையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடித்தாராம். நாள் குறிப்பிடாததற்கு அவ்வளவுதான் காரணம். பயம், குற்ற உணர்ச்சி, மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை என்று நான் படித்தெடுத்ததெல்லாம் அவருடையவை அல்ல, என்னுடையவை. என் வாசிப்பு முழுக்கத் தவறு. ஆனாலும் செய்தது தவறாகவில்லை. காரணம் எதுவானாலும் பொருந்துகிற மாதிரி செய்திருந்ததால் தப்பித்தேன்.

அப்போது என் ஞாயிற்றுக்கிழமை அவசர வேலையைப் பற்றி அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் அவருடைய உண்மைக்கு எதிரே உட்கார முடிந்திருக்காது. அவர் சிரிக்கவில்லை.

“அவங்க கேட்டாங்களே. ஒரு நாள் சொல்லியிருக்கலாமே நீங்க?” என்றார்.

“சொல்லியிருக்கலாம்.”

“இப்ப சொல்ல முடியாதா?”

முடியாது என்றேன். பட்டியலில் இடமே இல்லாமல் போனதை விளக்கினேன். கொஞ்ச நேரம் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேறு பேச்சுக்குப் போனோம். ஒரு மணி நேரம் ஆனதும் அவர் எழுந்துகொண்டார். அடுத்த நாளை அவரே சொன்னார்.