பால் குடிச்சா சளி கட்டுமா?

போன மார்கழியில் மண்ணச்சநல்லூர் வீட்டில் இருந்தபோது என் பையனுக்குச் சளி பிடித்தது. வயது இரண்டரை. மூக்கு ஒழுக ஆரம்பித்த அன்றைக்கே அம்மா பாலை நிறுத்திவிட்டாள். தயிர், மோர், வாழைப்பழமும் கூடவே நின்றன. "பால் குடுத்தா நெஞ்சுல கட்டிக்கும்டா. உனக்கும் இப்படித்தான் பார்த்தேன்." நானும் மறுத்துப் பேசவில்லை. சின்ன வயசில் சளி வந்தாலே எனக்கும் வெறும் கஞ்சித் தண்ணிதான்.

சிக்கல் என்னவென்றால், அவன் சாப்பாட்டில் பாதி பால்தான். இட்லியைத் தள்ளிவிட்டான், கஞ்சியைத் துப்பினான். மூன்றாம் நாள் உதடு காய்ந்திருந்தது. காலையில் போட்ட டயபர் மத்தியானம் வரை நனையவே இல்லை. பயந்துபோய் ஸ்ரீரங்கத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். நெஞ்சைப் பார்த்தார், சளி மூக்கோடு நிற்கிறது என்றார். பிறகு, "பாலை ஏன் நிறுத்தினீங்க? அவன் எதைக் குடிக்கிறானோ அதைக் குடுங்க, தண்ணிச் சத்து குறையக் கூடாது" என்றார். அம்மா பக்கத்திலேயே நின்று தலையாட்டினாள். ஒரு வார்த்தைகூட நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அன்று இரவு உட்கார்ந்து தேடினேன். இதை நேராக அளந்து பார்த்தவர்கள் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருந்திருக்கிறார்கள். 1990இல் வெளியான ஆய்வு. 60 பேர் தாங்களாக முன்வந்தார்கள், அவர்கள் மூக்கில் சளி வைரஸை விட்டார்கள். அதன்பின் பத்து நாள், யார் எவ்வளவு பால் குடித்தார்கள் என்று குறித்துவைத்தார்கள். சிலர் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை, ஒருவர் ஒரு நாளில் பதினொரு டம்ளர் வரை போயிருக்கிறார். மூக்கைச் சிந்திய டிஷ்யூவையெல்லாம் சேர்த்து எடை போட்டார்கள். (இந்த வேலையைப் பார்த்தவருக்கு என்ன சம்பளமோ!) சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல். பால் கூடினால் எடை கூடுகிறதா என்று பார்த்தால், கூடவில்லை.

நான் திரும்பத் திரும்பப் படித்தது இன்னொரு வரியை. பால் சளியைக் கூட்டும் என்று நம்புகிறவர்கள் இருமலும் அடைப்பும் அதிகம் என்று சொன்னார்கள். ஆனால் அவர்களுடைய டிஷ்யூ மற்றவர்களுடையதைவிடக் கனக்கவில்லை.

அப்படியானால் பால் குடித்ததும் தொண்டையில் ஏதோ ஒட்டுகிறதே, அது பொய்யா? பொய் இல்லை. பாலில் கொழுப்பு நுண்துளிகளாக மிதக்கிறது. எச்சிலோடு சேரும்போது அந்தத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொஞ்சம் கெட்டியாகின்றன. நாக்கிலும் தொண்டையிலும் மெல்லிய பூச்சாக ஒரு நேரம் நிற்கிறது. ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கும் தொண்டைக்கு அது கோழை மாதிரித்தான் இருக்கும். விழுங்கினால் வயிற்றுக்குப் போய்விடும். சளி ஊறுவது மூக்கிலும் மூச்சுக்குழாயிலும். பால் போவது வேறு குழாயில்.

1993இல் அதே நாட்டில் இன்னொன்று செய்தார்கள். கோகோவும் புதினாவும் கலந்து, எது மாட்டுப்பால் எது சோயாப்பால் என்று தெரியாதபடி நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். தொண்டையில் படிகிறது, எச்சில் கெட்டியாகிறது என்று இரண்டு கூட்டமும் சொன்னது. அந்த உணர்வு மாட்டுப்பாலுக்கு மட்டும் உரியது இல்லை.

விவகாரம் அதோடு முடியவில்லை. 2019இல் இங்கிலாந்தில், எப்போதும் தொண்டையில் சளி நிற்பதாகச் சொல்லும் 108 பேரிடம் பால் பொருள்களை நிறுத்திப் பார்த்தார்கள். பிறகு சிலருக்கு மாட்டுப்பால், சிலருக்குச் சோயா. எது என்று அவர்களுக்குத் தெரியாது. மாட்டுப்பால் குடித்தவர்கள் சளி கூடியதாகச் சொன்னார்கள். ஆனால் அங்கே எடை போடவில்லை, அவரவர் உணர்ந்ததைத்தான் கேட்டார்கள். அவர்களும் நாள்பட்ட தொண்டைத் தொந்தரவு உள்ளவர்கள், சாதாரண ஜலதோஷக்காரர்கள் இல்லை. அப்படிப்பட்ட ஒருவர் சில நாள் நிறுத்திப் பார்ப்பதில் நியாயம் உண்டு. பால் ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால் கதையே வேறு, அதற்கு டாக்டர்தான். என் பையனுக்கு இரண்டும் இல்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். டிஷ்யூ எடை போட்ட கதைக்கு மட்டும் சிரித்தாள். "வெள்ளைக்காரனுக்கு வேற வேலையே இல்லையா?"

"சரிம்மா, ராத்திரி இருமினா நீயே மஞ்சளும் மிளகும் போட்டுப் பால் குடுப்பியே? அது மட்டும் நெஞ்சுல கட்டாதா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அது மருந்துடா. அதுல மிளகு இருக்குல்ல."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி பாலைக் காய்ச்சி, பனங்கற்கண்டும் ஒரு சிட்டிகை மிளகும் போட்டு அவளே ஆற்றிக் கொடுத்தாள். பையன் ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துவிட்டு இன்னும் கேட்டான். விடியும்போது டயபர் கனத்திருந்தது. மூக்கு இன்னும் நாலு நாள் ஒழுகியது.