ஆன்டிபயாடிக் இல்லாத மருந்துச் சீட்டு

அறுபதை நெருங்கும் ஒருவர், இரண்டு நாளாக இடது அடிவயிற்றில் வலி, லேசான காய்ச்சல் என்று வந்தார். அழுத்தினால் வலித்தது, வயிறு விறைக்கவில்லை, வாந்தியும் இல்லை. ரத்தத்தில் சி.ஆர்.பி. அளவு 60. சி.டி. ஸ்கேனில், மலக்குடலுக்குச் சற்று முன்னால் வளைந்து கிடக்கும் சிக்மாய்டு பகுதி தடித்திருந்தது. குடலுக்கு வெளியே காற்றோ சீழோ இல்லை. குடல்சுவரில் பிதுங்கிய சிறு பைகளில் வரும் அழற்சி, அதாவது சிக்கலில்லாத டைவர்டிகுலைட்டிஸ் என்பது உறுதியானது.

"குடலில் எப்படி டாக்டர் பை வரும்?" என்று கேட்டார். பெருங்குடலுக்கு ரத்தம் கொண்டுவரும் சிறு குழாய்கள் தசைச்சுவரைத் துளைத்துக்கொண்டுதான் உள்ளே போகின்றன. அந்தத் துளைகளில் சுவர் பலவீனம். வயதாக ஆக அங்குள்ள இணைப்புத் திசுவும் தளர்கிறது. சிக்மாய்டு குறுகலான பகுதி என்பதால் மலத்தைத் தள்ளும்போது அங்கே அழுத்தம் மிகுதி. தேய்ந்த டயரின் கிழிசல் வழியே டியூப் புடைப்பதைப் போல, உட்சவ்வு தசையைத் தாண்டிப் பிதுங்குகிறது. பெரும்பாலானோருக்கு இந்தப் பைகள் வாழ்நாள் முழுவதும் தொல்லை தருவதில்லை. சிலருக்குத்தான் அழற்சி வருகிறது.

அழற்சி என்றாலே கிருமித்தொற்று என்று கருதி எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்துவந்தோம். ஸ்வீடனிலும் ஐஸ்லாந்திலும் 623 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. இந்த வகை நோயில் ஆன்டிபயாடிக் பெற்றவர்கள் விரைவாகக் குணமாகவில்லை. பெறாதவர்களுக்குச் சிக்கல் கூடவுமில்லை. எனவே இவருக்குப் பாராசிட்டமால், சில நாள் நீராகாரம், பிறகு குழைந்த சாதம் என்று எழுதினேன். இரண்டு நாளில் திரும்பிவரச் சொன்னேன். வந்தபோது வலி பாதியாகியிருந்தது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், ஓயாத வாந்தி உள்ளவர்கள், சி.ஆர்.பி. 140ஐத் தாண்டியவர்கள், ஸ்கேனில் சீழோ காற்றோ தெரிபவர்கள் ஆகியோருக்கு ஆன்டிபயாடிக் கட்டாயம் வேண்டும். அதனால்தான் ஸ்கேன் பார்க்காமல் இந்த முடிவை எடுப்பதில்லை.

"கொய்யா, தக்காளி விதையெல்லாம் விடணுமா?" என்று அவர் மனைவி கேட்டார். வேண்டாம். அமெரிக்க ஆண்களைப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், கொட்டைகளும் சோளப்பொரியும் தின்றவர்களுக்கு அழற்சி கூடவில்லை. நார்ச்சத்துக் குறைவால்தான் பைகள் வருகின்றன என்று 1971இல் பெயின்டரும் பர்கிட்டும் எழுதினார்கள். பைகள் உருவாவதற்கு அது மட்டுமே காரணம் என்று இன்று சொல்ல முடியாது. ஆனால் நார்ச்சத்து நிறையச் சாப்பிடுபவர்களுக்கு அழற்சி குறைவாகவே வருகிறது. வலி அடங்கியபின் கீரை, பயறு, கொய்யாவைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும்.

ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ஒரு கொலனாஸ்கோபி செய்துகொள்ளுங்கள். ஸ்கேனில் தடித்துத் தெரியும் குடலுக்குள் புற்றுநோயும் மறைந்திருக்கலாம். வலி போய்விட்டது என்பதற்காக அந்தப் பரிசோதனையைத் தவிர்த்துவிடாதீர்கள்.